அறுபத்தாறு பவுண்டு

எங்கள் குவாரியில் தினமும் காலை பதினோரு மணிக்கு வியாழ பகவான் வருவார். சரியாகப் பதினோரு மணி. பத்தரைக்கு வரமாட்டார், பன்னிரண்டுக்குப் போய்விடுவார். கல் அள்ளும் லோடரின் முன் டயரில்தான் வருவார். அவரை வரவழைக்கத் தெரிந்த ஒரே மனிதர் தேவேந்திரன். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பாதியில் என்னைப் பற்றியும் ஒரு அசிங்கமான விஷயம் வரும். அதை விட்டுவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

தேவேந்திரன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரர். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, அவர் மனைவி கலாவதி நெய்கிறார், நன்றாகவே நெய்கிறார். இவருக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே டயர் பைத்தியம். திருமுக்கூடல் தாண்டி இருக்கும் எங்கள் கல்குவாரியில் டயருக்கு அவர்தான் பொறுப்பு. நான் சூப்பர்வைசர். பதவியில் நான் பெரியவன், ஆனால் வண்டி நகர வேண்டுமா கூடாதா என்று சொல்வது அவர். ஐம்பத்தைந்து வயது, கனத்த உள்ளங்கை, இடது காது சுத்தமாகக் கேட்காது.

விடியற்காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், அவர் வேலை ஆரம்பமாகும். ராத்திரி முழுக்க ஆறிய டயரில்தான் காற்று பார்க்க வேண்டும் என்பார். காற்றழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்த பிறகு மழுங்கிய கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு டயரைச் சுற்றி வருவார். பாறையை வெடிவைத்துப் பிளந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் அரிவாள் விளிம்பு. அதன்மேல் இருபது டன் லோடர் ஏறினால் ரப்பர் வெட்டுப்படாமல் இருக்காது. ஒவ்வொரு வெட்டிலும் கம்பியை விட்டு ஆழம் பார்த்து, அதில் மாட்டிக்கொண்ட சில்லைத் தோண்டி எடுப்பார். ரப்பருக்கு அடியில் இருக்கும் நைலான் நூலை அவர் 'பாவு' என்றுதான் சொல்வார். நெசவாளி வீட்டு வாய் அது.

"ரப்பர் வெட்டுப்பட்டா தோல்ல காயம். பாவு தெரிஞ்சா எலும்பு தெரிஞ்ச மாதிரி. தண்ணி உள்ள போச்சுன்னா நூலு இத்துப் பூடும்பா" என்பார்.

லோடர் ஓட்டும் குமரனை அவர் திட்டாத நாள் கிடையாது. கல் குவியலில் பக்கெட்டை முட்டிவிட்டு சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டால் அங்கிருந்தே கத்துவார். தரையில் சிதறிக் கிடக்கும் சில்லைப் பக்கெட்டால் வழித்துத் தள்ளிவிட்டுத்தான் குவியலுக்குள் நுழைய வேண்டும். மழை நாளில் இரட்டிப்புத் திட்டு. ரப்பரைக் கத்தியால் வெட்டுகிறவன் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வான், அப்போதுதான் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஈரக் கல்லும் அதே வேலையைச் செய்யும் என்பது அவர் வாதம். சரியான வாதம்தான்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் எங்கள் முதலாளி தர்மனுக்கு எண் கணிதத்தில் ஈடுபாடு வந்தது.

தர்மன் நல்ல மனிதர். சம்பளத்தை நிறுத்தியது இல்லை, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் வந்து நிற்பார். ஆனால் காசிநாதன் என்று ஒரு ஜோசியரிடம் மாட்டிக்கொண்டார். அவர் முதலாளியின் செல்போன் எண்ணை மாற்றினார், கையெழுத்தை மாற்றினார், ஆபீஸ் கதவைப் பெயர்த்து வேறு சுவரில் வைத்தார். மாற்ற வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது, ஒருநாள் முதலாளி டயரில் வைத்த கேஜைப் பார்த்துவிட்டார்.

லோடரின் முன் டயருக்குக் கம்பெனி சொன்ன அளவு அறுபத்திரண்டு பவுண்டு. ஆறும் இரண்டும் எட்டு. எட்டு சனி.

"ரெண்டு டயர்லயும் சனியனை அடைச்சு வெச்சுக்கினு தொழில் பண்றோமாய்யா!" என்று முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஏற்ற எண் மூன்று. குரு. ஆகவே ஐம்பத்தேழு வை, இல்லையென்றால் அறுபத்தாறு வை என்று காசிநாதன் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். பின் டயர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பின்னால் இருப்பது கிரகங்களின் கண்ணில் படாதாம்.

தேவேந்திரன் பொறுமையாகத்தான் சொன்னார். "மொதலாளி, அறுபத்தாறு ரொப்பினா டயரு தப்பட்டை மாதிரி இறுகிப் பூடும். கல்லு குத்தினா உள்வாங்காது, கிழிஞ்சுக்கும். அம்பத்தேழுன்னா பக்கம் பிதுங்கிப் பிதுங்கி நெளியும். நெளிஞ்சா சூடு. சூடு ஏறினா ரப்பர் வேற, பாவு வேறன்னு பிரிஞ்சு வந்துரும்."

"சனி மட்டும் என்னா பண்ணும்னு நெனைச்சே?" என்றார் முதலாளி.

தேவேந்திரன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் முதலாளியிடம் போய், "காலைல பதினோரு மணிக்கு வந்து பாருங்க" என்றார். வந்து கேஜ் வைத்துப் பார்த்தால் அறுபத்தாறு. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பொய் ஒன்றும் இல்லை. விடிகாலையில் ஆறிய டயரில் இவர் வைத்தது அறுபத்திரண்டுதான். நாலைந்து மணி நேரம் வேலை செய்தால் டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரியும், கேஜில் எண் ஏறும். எங்கள் வேலைக்குப் பதினோரு மணிக்கு அது அறுபத்தாறில் வந்து நிற்கும். "நான் வெக்கறது சனி, மொதலாளி பாக்கறது குரு. ரெண்டு பேருக்கும் ஒரே டயரு" என்றார் என்னிடம். இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது.

இந்த ஒன்றரை வருஷத்தில் இன்னொன்றுக்கும் அவர் முதலாளியின் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தார். பழைய லோடரில் இருந்தது ரோட்டு வேலைக்கான டயர். குவாரிக்கென்றே, தரையைப் பிடிக்கும் பட்டனை ஆழமாக வைத்து, வெட்டுத் தாங்கும் ரப்பரில் செய்த டயர் உண்டு. சாதாரண டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமான ரப்பர். அதைப் போட்டால்தான் கல் நம்மிடம் தோற்கும் என்று தினமும் நச்சரித்தார். கடைசியில் புது லோடர் வாங்கியபோது முதலாளி அதோடு அந்த டயர்களையும் வாங்கினார். கனமான வண்டிகளை ஏற்றிவரும் தாழ்ந்த லோபெட் லாரியிலிருந்து லோடர் இறங்கியதும் தேவேந்திரன் நாலு டயரையும் தடவிப் பார்த்தார். கலாவதி புடவையைத் தறியிலிருந்து அறுத்ததும் இப்படித்தான் தடவுவார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி குண்டைத் தூக்கிப் போட்டார். கத்திரி வெயில் பிறக்க நாலு நாள்தான் இருக்கிறது, அதற்குள் காஞ்சிபுரம் டவுன் பிள்ளையார் கோயிலில் புது லோடருக்கு பூஜை போட வேண்டும். பூஜை போடாமல் ஒரு கல்லைக்கூட அள்ளக் கூடாது. சரி, ஏற்றிக்கொண்டு போகலாம், லோபெட் இருக்கிறது என்றேன்.

"வண்டி மேல வண்டியை ஏத்தினா அதுக்குப் பேரு பாடை. மொத மொத கோயிலுக்குப் போறப்போ தன் காலால நடந்து போவணும்."

"வந்தப்போ லோபெட்டுலதானே வந்துச்சு, மொதலாளி?"

"பொறந்த கொழந்தையைத் தூக்கிக்கினுதான் வருவாங்க. அது வேற."

தேவேந்திரன் முகம் வெளுத்துவிட்டது. அந்த டயரின் குணம் அப்படி. வெட்டுத் தாங்கும் ரப்பர் ஓடும்போது அதிகம் சூடாகும். கனமாக வேறு இருப்பதால் அந்தச் சூடு வெளியே போகாது. குவாரியில் நாற்பது அடி முன்னே போய் நாற்பது அடி பின்னே வருகிற வேலைக்குச் செய்தது. அதைத் தார்ச் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர் நிற்காமல் விரட்டுவது, கம்பளி போர்த்திக்கொண்டு கல்யாண மண்டபத்து அடுப்பங்கரையில் ஓடுவது மாதிரி. இதைச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் ஒரு உடன்படிக்கை ஆனது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பக்கெட் காலியாக இருக்க வேண்டும். நடுவில் வாலாஜாபாத்தில் நிறுத்தி டயரை ஆறவிட வேண்டும். விடிகாலை அஞ்சு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

புதன்கிழமை காலை இதில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது.

அஞ்சு மணிக்குக் கிளம்பவில்லை. காசிநாதன் போன் செய்து, வழியிலேயே எமகண்டம் பிடித்துக்கொள்ளும், ஒன்பது மணி கழித்துக் கிளம்புங்கள் என்றார். ஒன்பதுக்குள் லோடர் வெயிலில் காய்ந்து, புது டயருக்கும் அதே அளவு என்று விடியலில் வைத்த அறுபத்திரண்டு அறுபத்து நாலாகிவிட்டது. பக்கெட்டும் காலியாக இல்லை. "வெறுங்கையோட கோயிலுக்குப் போறதா?" என்று முதலாளி குவாரியின் முதல் கல் என்று ஒரு மூன்று டன் பாறையைப் பிள்ளையாருக்குக் காணிக்கையாகப் பழைய லோடரை விட்டு அள்ளிப் பக்கெட்டில் வைத்தார். முன்னால் பாரம் ஏறினால் முன் டயர்கள்தான் அதைத் தாங்க வேண்டும். பிள்ளையார் அந்தப் பாறையை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு சூலம். புதன்கிழமை வடக்கே சூலம். எங்களுக்குப் பாலாற்றுப் பாலம் வடக்கேதான் இருக்கிறது. ஆகவே லோடர் தெற்கே கிளம்பியது. ஊர் ஊராகப் பத்து கிலோமீட்டர் சுற்றி, கோழிகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கலக்கிவிட்டு, வேறு பக்கத்திலிருந்து அதே பாலத்துக்கே வந்து சேர்ந்தது. சூலம் ஏமாந்துவிட்டதாம். டயர் ஏமாறவில்லை.

முதலாளியின் ஜீப் முன்னே. நடுவில் மாலையும் சந்தனமும் வாழைக்கன்றுமாக லோடர். பின்னால் என் பைக்கில் நானும் தேவேந்திரனும். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் பூஜை முடிய வேண்டும் என்று ஜீப் பறந்தது. ஜீப்பைப் பிடிக்க குமரன் லோடரை விரட்டினான். பின்னால் உட்கார்ந்து தேவேந்திரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போவச் சொல்லுப்பா, மெதுவாப் போவச் சொல்லு" என்று அரற்றிக்கொண்டே வந்தார். நான் ஹாரன் அடித்தேன். குமரன் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போனான்.

வாலாஜாபாத் எல்லையில் ஒரு புளியமரத்தடியில் ஒருவழியாக நிறுத்தினோம். மணி பத்து. தேவேந்திரன் இறங்கி ஓடிப்போய் முன் டயரில் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். கேஜை வைத்தார்.

எழுபத்தொன்று.

முதலாளி எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, "ஏழும் ஒண்ணும் எட்டு! சனி இங்கயும் வந்துட்டான்யா!" என்று அலறினார்.

"சூடு மொதலாளி. ஒரு மணி நேரம் நின்னா தானா எறங்கும்."

"ஒரு மணி நேரமா? ராகுகாலம் உனக்காக நிக்குமா? காத்தைப் புடுங்கி விடு. அறுபத்தாறுல நிறுத்து."

"விட மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் முதலாளியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. முதலாளியும் கேட்டதில்லை போலிருக்கிறது, வாயை மூடிக்கொண்டு இளநீர்க்கடைப் பக்கம் போய்விட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தேவேந்திரன் வேறு ஒரு குவாரியில் இருந்தார். அங்கேயும் ஒரு மத்தியானம் சூடான டயரில் எண் அதிகமாக இருக்கிறது என்று காற்றைப் பிடுங்கச் சொன்னார்கள். இவரும் பிடுங்கினார். சூட்டில் சரியாகத் தெரிந்தது, ஆறியதும் ரொம்பக் குறைந்துபோன காற்று. அந்தக் குறைந்த காற்றில் இரண்டு நாள் பாரம் அடித்தார்கள். டயரின் பக்கச் சுவர் நெளிந்து நெளிந்து உள்ளே நூல் வெந்துபோனது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அதற்குக் காற்றடிக்க கைலாசம் என்கிற நண்பர் பக்கத்தில் குந்தினார். நாலடி தள்ளி இவர். டயர் பக்கவாட்டில் வெடித்தது. இவருக்கு ஒரு காது போயிற்று. கைலாசம் அந்த இடத்திலேயே போய்விட்டார். இதை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதன் பிறகு நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அரை மணி கழித்து மறுபடி கேஜ் வைத்தார். இறங்கவில்லை. எழுபத்திரண்டு ஆகியிருந்தது. கனமான ரப்பருக்குள் தேங்கின சூடு, வண்டி நின்ற பிறகும் காற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அவ்வளவு பெரிய டயர் ஆற ஒரு பொழுதாகும். தேவேந்திரன் தலையில் அடித்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ போன் போட்டார். லோடரை இறக்கிவிட்ட அதே லோபெட் டிரைவருக்கு. எதற்கும் வாலாஜாபாத்திலேயே நில்லுங்கள் என்று முதல் நாளே அவரிடம் சொல்லி வைத்திருந்தார். போன் வலது காதில். இடது காது லோடர் பக்கம்.

இங்கேதான் என் விஷயம் வருகிறது.

முதலாளி மரத்துக்குப் பின்னால் இருந்து பூனை மாதிரி வந்தார். பளபளவென்று ஒரு புது கேஜைப் பையிலிருந்து எடுத்தார். வலது முன் டயரின் வால்வு மூடியைத் திருகிக் கழற்றினார். என்னைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். நான் சூப்பர்வைசர், அவர் முதலாளி. காற்று 'புஸ்' என்று இரைந்தது. அந்தச் சத்தத்துக்கு மரத்தில் இருந்த காக்கை பறந்தது, இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்தார். பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்ற தேவேந்திரனுக்கு மட்டும் அது கேட்கவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

"தேவேந்திரா, இப்போ பாருய்யா! குருவே வந்துட்டாரு!" என்று முதலாளி கூவினார்.

தேவேந்திரன் வந்தார். கேஜை வைத்தார். அறுபத்தாறு. இடது டயருக்குப் போனார். எழுபத்திரண்டு. மறுபடி வலது டயருக்கு வந்து உள்ளங்கையை வைத்தார். கொதிக்கிறது.

"டயரு ஆறல, காத்து மட்டும் எப்படி எறங்கும்?"

"வேண்டிக்கினேன், எறங்கிச்சு."

தேவேந்திரன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "கோவர்தன், உனக்குக் கேட்டுச்சாப்பா?"

சாலையில் ஒரு பஸ் போனது. அது போய் முடியும் வரை எனக்கு நேரம் கிடைத்தது.

"கேட்டுச்சுண்ணா" என்றேன்.

தேவேந்திரன் லோடர் மேல் ஏறினார். குமரன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, சாவியை உருவி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். வலது டயருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வழியில் போன ஒரு அம்மா, மாலை போட்ட லோடரையும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரையும் பார்த்து ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, ஒரு ரூபாய் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"இது இப்படியே ஓடினா உள்ள வெந்துரும். வெந்த டயருக்குக் காத்தடிக்க நான் ஒர்த்தனைக் குந்த வெக்க மாட்டேன். அறுபத்தாறும் வேணாம், அம்பத்தேழும் வேணாம். வண்டி நகராது" என்றார்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்!" என்று முதலாளி கத்தினார். "இதோ நிக்கறானே, இவனையும் தூக்கிட்டேன்!"

வேலை போன பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. அப்படி ஒரு நிம்மதி. தூரத்தில் லோபெட் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் முதலாளி, "பாடை வருது பாரு, பாடை!" என்று இன்னும் உரக்கக் கத்தினார்.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரம். என் அப்பா ஸ்ரீபாதம் தாங்கி. பெருமாளைத் தோளில் சுமந்து சுமந்து அவர் வலது தோளில் ஒரு கொழுக்கட்டை அளவு தடிப்பு உண்டு. எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது.

"மொதலாளி, தை மாசம் பாரிவேட்டைக்கு எங்க பெருமாள் காஞ்சிபுரத்துலர்ந்து பழைய சீவரம் வர்றாரு. நம்ம முக்கூடலுக்குப் பக்கத்துலதான். நீங்களும் வந்து கும்புடறீங்க. அவரு எப்படி வர்றாரு? நடந்தா வர்றாரு?"

முதலாளி விழித்தார்.

"தோள்ல தூக்கிக்கினு வர்றோம். கருடன் மேல ஏத்தறோம், யானை மேல ஏத்தறோம், குதிரை மேல ஏத்தறோம். பெருமாள் தரைல கால் வெச்சு எங்கயாவது போயிருக்காரா? தூக்கிக்கினு போனா பாடைன்னா, எங்க அப்பா இத்தினி வருஷமா எதைத் தூக்கினாரு?"

முதலாளி பக்கெட்டைப் பார்த்தார், லோபெட்டைப் பார்த்தார், பிறகு காசிநாதனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரளும் சத்தம். பிறகு காசிநாதன் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "வாகனத்துல எழுந்தருளறதுன்னா அது ராஜயோகம். நான் அப்பவே சொல்ல நெனைச்சேன்."

அதன் பிறகு நடந்ததை வாலாஜாபாத்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாறையைப் பக்கெட்டிலிருந்து புளியமரத்தடியிலேயே சரித்துவிட்டோம். காற்று குறைந்த டயருக்குப் பாரம் ஆகாது என்று தேவேந்திரன் அதில் பிடிவாதமாக இருந்தார். காலி லோடரைப் பலகைச் சரிவில் அங்குலம் அங்குலமாக ஏற்றினோம். கோயில் வாசலில் காத்திருந்த நாதஸ்வரக்காரர்களை முதலாளி ஜீப் அனுப்பி வரவழைத்தார். எங்கிருந்தோ ஒரு பெரிய குடை வந்தது, லோடர் தலைக்கு மேல் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். மல்லாரி முழங்க, முத்தியால்பேட்டை வழியாக எங்கள் லோடர் காஞ்சிபுரத்துக்குள் எழுந்தருளியது. வீதியோரத்தில் இரண்டு பேர் தேங்காய் உடைத்தார்கள். என்ன உற்சவம் என்று ஒருவர் என்னைக் கேட்டார். டயர் உற்சவம் என்றேன். எந்தக் கோயிலில் என்று மறுபடி கேட்டார்.

ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேரவில்லை. நடை சாத்திவிட்டார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் பூஜை. அதற்குள் முதலாளி, "உற்சவம்னா சாயங்காலம்தான் அழகு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். எங்களை வேலையை விட்டுத் தூக்கியதை அவர் மறந்துவிட்டார், நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. லோடர் அதே வாகனத்தில் திரும்பி வந்தது.

புளியமரத்தடியில் கிடந்த பாறையைப் போன வாரம் பார்த்தேன். யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். விளக்கும் எரிகிறது. இளநீர்க்காரர்தான் பூசாரி.

மறுநாள் ஆறு மணிக்குக் குவாரிக்குப் போனேன். நான் அந்த நேரத்துக்குப் போகிறவன் இல்லை. தேவேந்திரன் ஆறிய டயரில் கேஜ் வைத்துக்கொண்டிருந்தார். இடது முன் டயர் அறுபத்திரண்டு. வலது முன் டயர், முதலாளி சூட்டில் காற்றைப் பிடுங்கியது, ஐம்பத்தேழு.

அப்போது பார்த்து முதலாளியின் போன். "என்னா நம்பர் காட்டுது?"

தேவேந்திரன் பொய் சொல்கிறவர் இல்லை. "ரைட்டு அம்பத்தேழு" என்றார்.

"அஞ்சும் ஏழும் பன்னெண்டு! மூணு! பாத்தியாய்யா, நான் கை வெச்ச டயர்ல குரு குந்திக்கினாரு! அதைத் தொடாதே!"

"பதினோரு மணிக்கு வந்து பாருங்க மொதலாளி. ரெண்டு டயர்லயும் இருப்பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு வலது டயரின் பக்கச் சுவரை உட்புறமும் வெளிப்புறமும் விரலால் தட்டித் தட்டி, தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் வீக்கமில்லை, மடிப்பில்லை. காற்றுக் குறைந்த பிறகு அது பாரத்தோடு ஓடவில்லை, அதனால் பிழைத்தது என்றார். கம்ப்ரசரின் நீளக் குழாயை வால்வில் மாட்டிவிட்டு, டயரின் பக்கவாட்டில் இல்லாமல் அதன் பட்டனுக்கு நேரே, தூரமாக வந்து நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"நேத்து காத்தைப் புடுங்கறப்போ நான் பாத்துக்கினுதான் இருந்தேண்ணா. நீ கேக்கற வரைக்கும் சொல்லல" என்றேன்.

நான் நின்றது அவருடைய இடது பக்கம். கேட்டிருக்காது என்று நினைத்தேன். பாதி அதற்காகவே அங்கே நின்றேனோ என்னவோ. அவர் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. காற்றை நிறுத்தினார். என் உதடு அசைந்ததைக் கடைக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

"அந்தப் பக்கம் எனக்குக் கேக்காதுப்பா" என்றார். "இனிமே நீ அங்கயே நில்லு. எது கேட்டாலும் சொல்லு."

இப்போது நானும் தினமும் ஆறு மணிக்குப் போகிறேன். அவருக்கு இடது பக்கம் நிற்கிறேன்.